வெந்நீர்க் குழாய்க்கு எந்தத் தடிமனில் ஃபோம் உறை போடுவது?

குளிர் நாட்டில் வீடு கிடைத்துச் சாமான்களை இறக்கியாயிற்றா? சரி, யாரும் வெந்நீர் திறக்காமல் ஒரு மணி நேரம் போகட்டும். அப்புறம் வாட்டர் ஹீட்டரிலிருந்து கிளம்பும் குழாயை லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஹீட்டரை ஒட்டிய ஒரு மீட்டர் மட்டும் சுட்டால் அது இயல்பு. தொலைவிலும் சூடாக இருந்தால், வெந்நீரை ஓயாமல் சுற்றவிடும் பம்ப் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தக் குழாய்க்குத்தான் முதலில் உறை போட வேண்டும்.

22 மில்லிமீட்டர் செம்புக் குழாயில் 60 டிகிரி நீர், சுற்றிலும் 20 டிகிரி காற்று என்று வைத்துக்கொள்வோம். வெறும் குழாய் மீட்டருக்குச் சுமார் 30 வாட் வெப்பத்தை இழக்கும். 13 மில்லிமீட்டர் ஃபோம் போட்டால் அது ஏறக்குறைய 10 ஆகிவிடும். தடிமனை 25 ஆக்கினாலோ 8-க்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். முதல் 13 மில்லிமீட்டர் 20 வாட் மிச்சப்படுத்துகிறது, அடுத்த 12 வெறும் இரண்டு மூன்று வாட்தான். ஐந்து மீட்டர் குழாயில் நாள் முழுக்க நீர் சுற்றினால், 13 மில்லிமீட்டர் உறையே தினம் 2.4 யூனிட் மிச்சம் தரும்.

பம்ப் இல்லாத வீட்டில் கணக்கு வேறு. ஐந்து மீட்டர் குழாயில் நிற்பது ஒன்றரை லிட்டர் நீர். அது முழுதும் ஆறிப்போனாலும் ஒரு தடவைக்கு 0.07 யூனிட்தான் நட்டம். அங்கே 9 அல்லது 13 மில்லிமீட்டர் தாராளம். ஹீட்டரை ஒட்டிய ஒரு மீட்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே தொட்டி வெப்பத்தை எப்போதும் குழாய்க்குள் அனுப்பிக்கொண்டே இருக்கும். தண்ணீர் உள்ளே போகும் குழாயிலும் அப்படித்தான். 19, 25 மில்லிமீட்டர் எல்லாம் வெப்பமூட்டாத கராஜ், பரண் போன்ற இடங்களுக்கு. அங்கேயும் நீர் ஓடாமல் நின்றால், அது பனிக்கட்டியாவதை ஃபோம் தாமதப்படுத்தும், தடுக்காது.

தடிமனைவிட முக்கியம் உறையின் உள்விட்டம். 22 குழாய்க்கு 28 உறை வாங்கினால் இடைவெளியில் காற்று ஓடி, சூட்டைத் தூக்கிக்கொண்டு போகும். அதனால் குழாயின் வெளிவிட்டத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். முழங்கை வளைவில் உறையை மடக்காதீர்கள். மடிப்பில் ஃபோம் நசுங்கி மெலிந்துவிடும். இரண்டு துண்டுகளை 45 டிகிரியில் சாய்த்து வெட்டி, பொருத்தி டேப் ஒட்டுங்கள். ப்ளாஸ்டிக் டையை இறுக்கிக் கட்டினாலும் அதே நசுங்கல்தான்.

கேஸ் ஹீட்டர் என்றால் புகைக்குழாயிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளியே ஃபோம் வரவேண்டும். வாடகை வீட்டில் ஹீட்டர் பக்கம் கை வைக்குமுன் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் வெந்நீர் ஓடும்போது உறைமீது கையை ஓட்டிப் பாருங்கள். 13 மில்லிமீட்டர் உறைமேல் இளஞ்சூடு தெரிந்தால் போதும். எங்காவது ‘சுள்’ என்றால் அங்கே பிளவு திறந்திருக்கிறது. அந்த இடத்தில் மறுபடி டேப் ஒட்டுங்கள்.