லாக் சர்வருக்குப் பணம் கேட்கும் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்லா சர்வர்களின் லாக்கும் ஒரே இடத்தில் சேர வேண்டும், கோளாறு வந்தால் உடனே அலர்ட் வர வேண்டும். இதற்குப் பணம் கேட்டு நான் எழுதிய முதல் கடிதம் இரண்டே நாளில் திரும்பி வந்தது. கணக்குப் பிரிவு மேலாளர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "இது விற்பனையா, லாபமா?"

கடைகளுக்கு மொத்தச் சரக்கு அனுப்பும் நிறுவனம் எங்களுடையது. ஒரு சனிக்கிழமை காலை 9:50 முதல் 1 மணி வரை ஆர்டர் ஆப் நின்றுபோனது. சனிக்கிழமைகளில் மணிக்கு 90 ஆர்டர் வரும். ஆக, 190 நிமிடத்துக்கு 285 ஆர்டர். ஒன்று சராசரியாக 5,000 ரூபாய் என்று பெருக்கி, 14,25,000 ரூபாய் நஷ்டம் என்று எழுதிவிட்டேன். ஆனால் விற்காத சரக்கு குடோனில்தான் இருக்கிறது. போனது மார்ஜின் மட்டும்தான், ஆர்டருக்கு 400 ரூபாய். அதுவும் முழுசாகப் போகவில்லை. திங்கள், செவ்வாயில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 171 ஆர்டர் வந்திருந்தன. கைவிட்டுப் போனவை 114. பெருக்கினால் 45,600 ரூபாய். குடோன் ஆட்களின் ஓவர்டைம் 14,400 ரூபாயையும் சேர்த்தால் 60,000. பதினான்கு லட்சம் எங்கே, இது எங்கே! ஆனால் இந்த எண்ணை யாராலும் அசைக்க முடியாது. நிமிடத்துக்கு 5,600 டாலர் நஷ்டம் என்று இணையத்தில் சுற்றும் கணக்கை எடுத்துப்போடுவது இதைவிட மோசம். அது நம் நிறுவனத்தின் கணக்கே அல்ல.

அடுத்த தவறுதான் பெரியது. டவுன்டைம் முழுவதையும் லாக் சர்வர் தடுத்துவிடும் என்பது போல எழுதுவது. அன்று நடந்ததைப் பிரித்துப் பார்க்கலாம். 9:50க்கு ஆப் நின்றது. 10:40க்குத்தான் ஒரு கடைக்காரர் வாட்ஸ்அப்பில் "சார், ஆப் ஓப்பன் ஆகல" என்றார். தெரியவே 50 நிமிடம். அப்புறம் 14 சர்வர்களில் ஒவ்வொன்றாக நுழைந்து தேடினோம். எல்லோரும் ஆப் சர்வர்களையே தோண்டிக்கொண்டிருக்க, டேட்டாபேஸ் சர்வரின் லாக்கில் 9:50 முதல் இந்த வரி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது:

```
FATAL:  sorry, too many clients already
```

எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் வழக்கமாக 100 இணைப்புகளைத்தான் ஏற்கும். சிக்கிக்கொண்ட ஒரு ரிப்போர்ட் வேலை அவ்வளவையும் பிடித்துவைத்திருந்தது. இதைக் கண்டுபிடிக்க 110 நிமிடம், சரிசெய்ய 30 நிமிடம்.

லாக் ஓரிடத்தில் இருந்தாலும் அந்த 30 நிமிடம் குறையாது. தெரிய 5, தேட 20 என்று வைத்தால் மொத்தம் 55 நிமிடம். மிச்சம் 135 நிமிடம், அதாவது ஏறக்குறைய 71 சதவீதம். 60,000 ரூபாயில் 42,600 என்று அதை மட்டும் எழுதுங்கள். கேபிள் அறுந்தது, யூபிஎஸ் போனது போன்றவற்றைத் தனியாகப் போட்டு, 'இவற்றுக்கு இந்தத் திட்டம் உதவாது' என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மேலாளர் கேட்டு நீங்கள் ஒப்புக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

பழைய சம்பவங்களுக்கு ஆதாரம் தேடும்போது இன்னொரு சிக்கல் வரும். பல லினக்ஸ் சர்வர்களில் `logrotate` வழக்கமாக நான்கு வார லாக்கைத்தான் வைத்திருக்கும். மூன்று மாதத்துக்கு முந்தைய கோளாறின் லாக் அழிந்திருக்கும். ஞாபகத்தில் இருந்து நேரம் எழுதாதீர்கள். டேட்டாபேஸில் கடைசி ஆர்டர் பதிவான நேரமும் வாட்ஸ்அப் செய்தியின் நேரமும் போதும். இந்தியாவில் இருக்கும் நிறுவனம் என்றால் இதே இடத்தில் ஒரு பத்தி சேருங்கள்: மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, லாக்கை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. டவுன்டைம் கணக்கைப் பேரம் பேசலாம், இதைப் பேசமுடியாது. நான் முதல் கடிதத்தில் இதைச் சொல்லவே இல்லை.

180 நாளையும் வேகமான டிஸ்கில் வைக்கக் கேட்பதும் தவறுதான். எங்களுக்கு நாளைக்கு 6 ஜிபி லாக். 30 நாளைத் தேடும் நிலையில் வைத்தால் 180 ஜிபி. மீதி 150 நாளின் 900 ஜிபியைச் சுருக்கினால், எங்கள் லாக்கில் பத்தில் ஒரு பங்குதான் வந்தது. அதை மலிவான இடத்தில் போட்டுவிடலாம். மென்பொருள் இலவசம் என்பதால் செலவு பூஜ்யம் என்று எழுதிவிடவும் கூடாது. வாரத்தில் அரை நாள் ஒருவர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கடிதம் ஒரே பக்கம். மேலாளர் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு அலர்ட் வந்தா யார் எழுந்து பார்ப்பாங்க?" அதற்கான படித்தொகையை நான் போடவே இல்லை. அந்த வரியைச் சேர்த்து மூன்றாவது முறை கொடுத்தபோதுதான் கையெழுத்துப் போட்டார்.