ஒரு கம்பனிக்குச் சொத்தை வச்சு விலை போடுறது எப்பிடி: குருநகர் ஐஸ் பக்டரி ஒண்டை வச்சுப் பாப்பம்

குருநகர்ப் பக்கம் மீன்பிடிப் போட்டுகளுக்கு ஐஸ் குடுக்கிற சின்ன பக்டரி ஒண்டு விலைக்கு வருது எண்டு வையுங்கோ. இது கற்பனைப் பக்டரி, இலக்கமும் விளங்கிறதுக்காக நான் போட்டதுதான், ஆனா செய்யிற முறை நிஜமாச் செய்யிற மாதிரியே. இதுக்கு எவ்வளவு குடுக்கலாம்?

முதல் வேலை கணக்குப் புத்தகத்தில கிடக்கிற தொகையை ஓரமா வைக்கிறது. காணி வாங்கின காலத்து விலையிலயே அதில கிடக்கும், மெஷின் தேய்மானம் கழிஞ்சு கழிஞ்சு பூச்சியத்துக்குக் கிட்ட வந்திருக்கும். அதோட எது உண்மையில பக்டரிக்குச் சொந்தம் எண்டும் பாருங்கோ, காணி உறுதி ஆற்ற பேரில இருக்கு, எது ஈட்டில இருக்கு, எது லீசிங்கில ஓடுது எண்டு. லீசிங் லொறியைச் சொத்தில சேத்தா மிச்சக் கட்டுக்காசைக் கடனில சேக்கவேணும்.

இனி ரீப்ளேஸ்மென்ட் கோஸ்ட். இதே அளவு ஐஸ் போடுற பக்டரியை இண்டைக்குப் புதுசாப் போட்டா என்ன முடியும் எண்டதுதான் கேள்வி. ஐஸ் மெஷினுக்கு இறக்குமதி, வரி, பைப் வேலை, கரண்ட் எல்லாம் சேத்து 200 லட்சம் எண்டு வைப்பம். இதுக்கு இண்டைய டொலர் விலையைத்தான் எடுக்கவேணும், 2022 இல டொலர் 200 ரூபா அளவில இருந்து சில மாசத்துக்குள்ள 360 அளவுக்குப் போனது தெரியும்தானே, பழைய இன்வொய்ஸை வச்சுக் கணக்குப் பாத்தா முழுசாப் பிழைக்கும். மெஷின் 20 வருசம் ஓடும், 8 வருசம் ஓடிட்டுது, அப்ப 80 லட்சம் கழிச்சா 120. பழைய மெஷின் புதுசை விடக் கூடக் கரண்ட் குடிக்கும், மிச்ச வருசங்களுக்கு வரப்போற அந்த மேலதிகச் செலவின்ர இண்டைய பெறுமதி 12 லட்சம் எண்டா அதையும் கழிச்சு 108. காணியும் கட்டடமும் 90, போட்காரர் தரவேண்டிய காசில வரும் எண்டு நம்பக்கூடியது 15. மொத்தம் 213 லட்சம். பாங்க் கடனும் வேலைக்காரருக்குக் குடுக்கவேண்டியதும் 48, அதைக் கழிச்சா முதலாளிக்கு 165.

அடுத்தது லிக்குவிடேஷன் வேல்யூ, அதாவது பூட்டிட்டுத் துண்டு துண்டா வித்தா கையில என்ன வரும். இங்கதான் கனபேர் தடுமாறுறது. பொருத்தின மெஷினைக் கழட்டினா பைப் வேலைக்கும் இன்சுலேஷனுக்கும் குடுத்த காசு அப்பிடியே போயிடும், கழட்டிற கூலி வேற, அதால 108 எண்டு பாத்த சாமான் 20 தான் தரும். காணியும் கட்டடமும் அவசரத்தில 63, ஏனெண்டா காணி வாங்கிறவருக்கு ஐஸ் பக்டரிக் கட்டடம் தேவைப்படாது. பூட்டின பக்டரிக்குக் கடனைத் திருப்பித் தர ஆரும் அவசரப்படமாட்டினம், அதில 8. மொத்தம் 91, விக்கிற செலவு, லோயர், காவல், விக்கும் வரைக்கும் ஏறுற வட்டிக்கு 7 போக 84. கடன் 48 மட்டும் ஒரு சதமும் குறையேல்லை, அதால முதலாளிக்கு மிஞ்சிறது 36.

விக்க எவ்வளவு காலம் கிடைக்குது எண்டதிலயும் இந்த இலக்கம் மாறும். ஆறேழு மாசம் இருந்தா மெஷினை இன்னொரு ஐஸ்காரருக்கு நல்ல விலைக்குக் குடுக்கலாம். 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாங்க் கோட்டுக்குப் போகாமலே பராட்டே ஏலம் போடலாம், அப்பிடி ஏலத்துக்குப் போற சொத்துக்கு அந்தக் காலம் கிடைக்காது. அதால அறிக்கையில அவசர விலையா ஆறுதலா வித்த விலையா எண்டு கட்டாயம் எழுதுங்கோ.

அப்ப 165 ஆ 36 ஆ? உழைப்பைக் கேட்டுத்தான் தெரியும். முதலாளியின்ர சம்பளமும் வரியும் போக, கடன் வட்டி கட்ட முதல், வருசம் 21 லட்சம் நிண்டு, வாங்கிறவர் போடுற காசுக்கு வருசம் 15 வீதம் எதிர்பாத்தா, 21 ஐ 0.15 ஆல பிரிக்க பக்டரியின்ர பெறுமதி 140 லட்சம், கடன் போக 92. ரீப்ளேஸ்மென்ட் கோஸ்ட் கணக்கில 213 வந்தாலும் உழைப்பு இவ்வளவுதான் எண்டா ஆரும் 213 குடுக்கமாட்டினம், மீன்பாடு குறைஞ்ச இடத்தில இதைத்தான் காணுவியள். உழைப்பு 10 லட்சத்துக்கு விழுந்தா பெறுமதி 67, அது 84 ஐ விடக் குறைவு, அப்ப ஓட்டுறதை விடப் பூட்டி விக்கிறதுதான் முதலாளிக்கு லாபம். அந்த நிலையில லிக்குவிடேஷன் வேல்யூதான் சரியான விலை.

காணி, கட்டடம் வச்சு வாடகை எடுக்கிற கம்பனி, வேற கம்பனிப் பங்குகளை மட்டும் வச்சிருக்கிற கம்பனி, இன்னும் உழைக்கத் தொடங்காத புதுக் கம்பனி, இதுகளுக்கும் சொத்து முறை நல்லாப் பொருந்தும். ஆனா நல்லா ஓடுற டியூஷன் சென்ரருக்கு இதைப் போட்டா வாங்குகளும் கரும்பலகையும்தான் கணக்கில வரும், பிள்ளையள் வாறது வாத்தியாருக்காக, அவர் போனா அந்த உழைப்பும் போயிடும். அங்க உழைப்பை வச்சுத்தான் விலை போடவேணும், அதோட வாத்தியார் எவ்வளவு காலம் நிப்பார் எண்டு எழுத்தில வாங்கின பிறகுதான் காசு குடுக்கவேணும்.