உலகக் கொசு நாளுக்குப் பதிவு போடும் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் 20 வந்தால் போதும், பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனங்களின் பக்கங்களில் ஒரே மாதிரிப் பதிவுகள் வரிசையாக வரும். பச்சை நிறப் பின்னணி, நடுவில் ஒரு கொசுவின் மேல் சிவப்புக் குறுக்குக்கோடு, ஓரத்தில் புகை அடிக்கும் பணியாளர், கீழே “கொசு இல்லா உலகம் படைப்போம்! டெங்குவை விரட்டுவோம்!” என்று ஒரு வரி. அதற்கும் கீழே தொலைபேசி எண், இருபது சதவீதத் தள்ளுபடி. சிறு நிறுவனங்களுக்குப் பதிவுகள் எழுதித் தரும் வேலையில் இருப்பதால் இப்படி நானும் சில எழுதியிருக்கிறேன். படித்தவர்களில் ஒருவர்கூட அன்று தன் வீட்டில் எதையும் மாற்றியிருக்க மாட்டார். மாற்றுவதற்கான எதையும் அதில் நான் சொல்லவில்லை.

முதலில் நாளைப் பற்றிய தவறு. ஆகஸ்ட் 20-ஐ டெங்கு நாள் என்று எழுதுகிறார்கள். 1897-இல் அந்தத் தேதியில் செகந்திராபாத்தில் மருத்துவர் ரொனால்ட் ராஸ், மலேரியா நோயாளி ஒருவரைக் கடித்த அனாபிலஸ் கொசுவை அறுத்து, அதன் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பு அப்படித்தான் பிடிபட்டது. 1902-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆக இது மலேரியாவிலிருந்து பிறந்த நாள். தேசிய டெங்கு தினம் மே 16, உலக மலேரியா தினம் ஏப்ரல் 25. கொசு நாளில் டெங்கு பற்றி எழுதுவது தவறே இல்லை. வடகிழக்குப் பருவமழைக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னால் வருவதால் தமிழ்நாட்டில் டெங்குவை நினைவூட்டத் தோதான நாளும்கூட. ராஸ் கண்டுபிடித்தது டெங்குவை என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. தொழிலே கொசுவாக இருக்கும் நிறுவனம் இதில் தடுமாறினால் மற்றதை யார் நம்புவார்கள்?

அடுத்தது படம். டெங்கு என்று தலைப்புப் போட்டு, சாக்கடைப் படத்தை வைப்பது மிகப் பரவலான தவறு. கேடும் இதில்தான் அதிகம். சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ். இரவில் காதருகே ரீங்கரித்துத் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான், யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுதான். டெங்குவைக் கொண்டுவரும் ஏடிஸ் பகலில் கடிக்கும், காலில் வெள்ளை வளையங்கள் இருக்கும், முட்டையிடத் தேடுவது வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் ஓரளவு தெளிந்த தண்ணீரை. சாக்கடைப் படத்தைப் பார்த்தவர், “எங்க தெருவுல சாக்கடையே இல்ல, நமக்குப் பயமில்ல” என்று நிம்மதியாக இருந்துவிடுவார். அவர் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கொசுப்புழு நெளிந்துகொண்டிருக்கும். நாம் போட்ட படமே அவரைத் தவறான இடத்தைப் பார்க்க வைத்துவிடுகிறது.

புகை அடிக்கும் படமும் அப்படித்தான். திருச்சியில் நான் பதிவு எழுதித் தரும் ஒரு சிறு நிறுவனத்தின் மூத்த பணியாளர் ஒருமுறை சொன்னார்: “புகை அடிச்சா அந்த நேரத்துல பறக்குறதுதான் சாவும் தம்பி. தண்ணியில இருக்குறது அப்படியே இருக்கும். அஞ்சாறு நாள்ல அதெல்லாம் கொசுவா வெளிய வந்துரும்.” வெயில் காலத்தில் முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதிலும் ஏடிஸ் கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணி இடுக்கிலும் ஒளிந்திருப்பதால், தெருவில் அடிக்கும் புகை பெரும்பாலும் அதைத் தொடுவதே இல்லை. நோய் பரவத் தொடங்கிய இடத்தில் வளர்ந்த கொசுவைச் சட்டென்று குறைக்கப் புகை தேவைப்படும். அதையே தடுப்பு நடவடிக்கையாகக் காட்டினால் வாசகர் புகை வண்டிக்காகக் காத்திருப்பார்.

“முற்றிலும் பாதுகாப்பான மருந்து” என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். பூச்சிமருந்து டப்பாவின் லேபிளிலேயே அப்படி அச்சிட 1971-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்து விதிகள் இடம் தருவதில்லை. டப்பாவில் போடக் கூடாததைப் பதிவில் போடுவது முறையில்லை.

இனி, பதிவுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம். மேலே சொன்ன திருச்சி நிறுவனத்துக்கு இரண்டு வருடம் முன்னால் செய்ததையே சொல்கிறேன். தள்ளுபடி அறிவிப்புக்குப் பதிலாக, ஆகஸ்ட் 20-க்கு ஒரு வாரம் முன்னால் நான்கு பணியாளர்கள் அலுவலகம் இருக்கும் தெருவில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் தேங்கும் இடங்களைப் பார்ப்பது என்று முடிவானது. மருந்து விற்பனை கிடையாது, விசிட்டிங் கார்டு கிடையாது. கையில் டார்ச், ஒரு நோட்டு, ஒரு வெள்ளைக் கிண்ணம்.

நானும் கூடப் போனேன். மூன்றாவது வீட்டில் அந்த மூத்த பணியாளர், “அக்கா, ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி கீழ ஒரு தட்டு இருக்கும், பார்க்கலாமா?” என்று கேட்டார். அந்த அக்காவுக்கு அப்படி ஒரு தட்டு இருப்பதே தெரியாது. தானாகவே பனி உருகும் ஃபிரிட்ஜில், உருகிய தண்ணீர் பின்பக்கம் கம்ப்ரசருக்கு மேலே உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் வந்து நிற்கும். ஃபிரிட்ஜை முன்னால் இழுத்துத் தட்டைக் கழற்றி டார்ச் அடித்தபோது, மேலே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்துகொண்டே அடிக்குப் போயின. கொஞ்ச நேரத்தில் மூச்சுக்காக ஒவ்வொன்றாக மேலே வந்தன. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தட்டின் சுவரில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்பாக ஒட்டியிருந்தது. அதுதான் முட்டை. “தினமும் கூட்டித் துடைக்கிற வீடு தம்பி இது” என்று அந்த அக்கா மெல்லச் சொன்னார். அதில் உண்மை இருந்தது. வீடு பளிச்சென்றுதான் இருந்தது.

அந்த முட்டையில்தான் எல்லாம் இருக்கிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டால் புழு செத்துவிடும், சுவரில் ஒட்டிய முட்டை சாகாது. காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் “தண்ணீர் தேங்க விடாதீர்கள்” என்ற வாசகம் பாதிதான். கொட்டிய பிறகு உட்சுவரைத் தேங்காய் நாரோ பிரஷ்ஷோ வைத்து அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரம் ஒருமுறை செய்தால் புழு கொசுவாக மாறும் முன்பே முடிந்துவிடும்.

தெருவில் இருந்தவை 38 வீடுகள். ஐந்து பூட்டியிருந்தன. பார்த்த 33-இல் ஏழு வீடுகளில் புழு இருந்தது, அதாவது 21 சதவீதம். பொது சுகாதாரத் துறையில் வீட்டுக் குறியீடு என்று கணக்கிடுவது இதைத்தான். புழு இருந்த பாத்திரங்கள் பத்து: நான்கு ஃபிரிட்ஜ் தட்டுகள், மூன்று தண்ணீர் டிரம்கள், இரண்டு பூந்தொட்டித் தட்டுகள், கொல்லையில் கிடந்த ஓர் ஆட்டுக்கல்.

முதலாளிக்கு ஒரு தயக்கம் இருந்தது. “தட்டைத் தேய்ங்கன்னு நாமளே சொல்லிக் குடுத்துட்டா நமக்கு யாரு போன் பண்ணுவாங்க?” நியாயமான கேள்விதான். வீட்டுக்காரர் பத்து நிமிடத்தில் செய்யக்கூடியதை வைத்துத்தான் நம் தொழில் நிற்கிறதா என்று திருப்பிக் கேட்டேன். அவர்களுக்கு வருமானம் தருவது அடுக்குமாடிகளின் நிலத்தடித் தொட்டிகளும் மொட்டைமாடித் தொட்டிகளும் கரையானும்தான். ஃபிரிட்ஜ் தட்டுக்காக யாரும் அவர்களை அழைத்ததே இல்லை. யோசித்துவிட்டுச் சரி என்றார்.

பதிவு இப்படி வந்தது:

“உங்கள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கீழே ஒரு தண்ணீர்த் தட்டு இருக்கும். கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?
போன வாரம் எங்கள் தெருவில் 33 வீடுகளைப் பார்த்தோம். ஏழு வீடுகளில் கொசுப்புழு. புழு இருந்த பத்து இடங்களில் நான்கு, ஃபிரிட்ஜ் தட்டுகள்.
பிளக்கைக் கழற்றிவிட்டுத் தட்டை எடுங்கள். தண்ணீரைக் கொட்டுங்கள். உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். வாரம் ஒருமுறை போதும். மருந்து தேவையில்லை.
தட்டு கழற்ற வராத ஃபிரிட்ஜ் என்றால் படம் எடுத்து அனுப்புங்கள், எப்படிச் சுத்தம் செய்வது என்று சொல்கிறோம். கட்டணம் இல்லை.
இன்று உலகக் கொசு நாள்.”

நாளின் பெயர் கடைசி வரியில் இருப்பதைக் கவனியுங்கள். மேலே வைத்தால், பார்ப்பவர் வாழ்த்துச் செய்தி என்று நினைத்துத் தள்ளிவிட்டுப் போவார். முதல் இரண்டு வரிதான் திரையில் விரியாமல் தெரியும். அங்கே அவர் வீட்டுப் பொருள் ஒன்று இருக்க வேண்டும். எண்ணைப் பெரிதாக்கவும் கூடாது. 33 வீடு என்றால் 33 வீடுதான். “ஐந்தில் ஒரு வீட்டில் ஆபத்து!” என்று ஊருக்கே பொதுவாக்கினால் பொய்யாகிவிடும், ஒரே தெருவின் கணக்கு அது. படமாக வைத்தது அந்தத் தட்டின் நெருக்கமான படம், அக்காவிடம் கேட்டு, வீடு எது என்று தெரியாதபடி எடுத்தது. கதவு எண்ணோ வாசலோ தெரிய ஒரு வீட்டைக் காட்டினால், அடுத்த முறை அந்தத் தெருவில் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

பலரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவதுதான் இன்னொரு தவறு. எட்டு நாள் கழித்து அதே 33 வீடுகளுக்கு மறுபடி போனோம். ஏழு இரண்டாகக் குறைந்திருந்தது. ஒரு வீட்டில் பூந்தொட்டித் தட்டை மறந்திருந்தார்கள். மற்றதில் ஒரு டிரம். முதல் நாளே எங்கள் கண் முன்னால் கவிழ்த்துக் கொட்டிய டிரம்தான் அது, ஆனால் தேய்க்கவில்லை. வெயிலில் காய்ந்து கிடந்ததில் மூன்று நாள் முன்னால் தண்ணீர் பிடித்திருக்கிறார்கள். உள்ளே நூல் துணுக்கு மாதிரிக் குட்டிப் புழுக்கள். அந்தப் பணியாளர் உட்சுவரில் விரலை ஓட்டி, தண்ணீர்க் கோட்டுக்கு மேலே ஒட்டியிருந்த கறுப்பை வீட்டுக்காரரிடம் காட்டினார். பிறகு இருவருமாகச் சேர்ந்து டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்தார்கள்.

இரண்டாவது பதிவு அந்த டிரம்மைப் பற்றியது. ஏழு இரண்டானதையும், அந்த இரண்டு ஏன் மிச்சம் இருந்தன என்பதையும் அதில் எழுதினோம்.