பேர் தெரியாத பாட்டு ஃபைல்: டேக் பாக்கும்போது நாம பண்ற தப்புகள்

கடலூர் ஓ.டி.ல எங்க மாமா ரொம்ப வருஷமா மைக் செட் வச்சிருக்காரு. போன மாசம் ஒரு கல்யாணத்துக்கு மாப்ள அழைப்புல போட ஒரு நாதஸ்வரம் ஃபைல் குடுத்தாங்க, வாட்ஸப்ல வந்தது, பேரு AUD-20230611-WA0004.mp3. பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு அது ரொம்ப புடிச்சிப்போய் "இது என்ன உருப்படி, யார் வாசிச்சது, அவங்களையே கூப்பிட முடியுமா"ன்னு கேக்க, மாமா என்கிட்ட பென் டிரைவ நீட்டிட்டாரு. பாட்டோட பேரு, விவரம்லாம் ஃபைலுக்குள்ளயே எழுதி வச்சிருக்குற டேக்க பாத்து அத கண்டுபிடிக்கப் போய் நானும் என் மச்சானும் வரிசையா தப்பு பண்ணோம், அதத்தான் எழுதுறேன்.

முதல் தப்பு ஃபோன்ல பாத்தது. மச்சான் ப்ளேயர்ல ஓபன் பண்ணி "ஆல்பம் பேரு இருக்குடா, WhatsApp Audio"ன்னான். அது ஆல்பம் பேரே இல்ல. ஆண்ட்ராய்டு ஃபைலுக்குள்ள ஆல்பம் டேக் இல்லன்னா அந்த ஃபைல் கிடக்குற ஃபோல்டர் பேர ஆல்பம்னு எடுத்துக்கும், டைட்டில் இல்லன்னா ஃபைல் பேரையே டைட்டிலா காட்டும். நமக்கு என்னமோ உள்ள தகவல் இருக்கிற மாதிரி தெரியும். ஆல்பம் பேரும் ஃபோல்டர் பேரும் அச்சு அசலா ஒண்ணா இருந்தா சந்தேகப்படுங்க, ஃபைல வேற ஃபோல்டருக்கு மாத்திட்டு மறுபடி பாத்தா ஆல்பம் பேரும் கூடவே மாறிடும், அப்ப தெரிஞ்சிடும். ஃபைல் பேர்ல இருக்குற 20230611-உம் அப்படித்தான், அது வாட்ஸப் வச்ச தேதி, ரெக்கார்டிங் தேதி கிடையாது. நிறைய பேரு அத வச்சி "2023ல வந்த பாட்டு"ன்னு தேட ஆரம்பிச்சிடுறாங்க.

அப்புறம் கம்ப்யூட்டர்ல போட்டு ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்டீஸ், அதுல Details. Title-ல Track 07, Contributing artists-ல ஏதோ ஒரு டவுன்லோட் சைட்டோட பேரு. இங்கதான் பெரும்பாலும் எல்லாரும் கைய விரிச்சிடுவாங்க, நானும் விரிச்சேன். (அங்கயே இருக்குற Date created-ஐயும் நம்பாதீங்க, அது அந்த டிஸ்க்குல காப்பி ஆன நாள். Date modified அதவிட பழசா இருந்துச்சுன்னா காப்பி பண்ண ஃபைல்னு அர்த்தம், அவ்ளோதான்.)

இங்க ஒரு விஷயம் புரியணும். எம்பி3 ஃபைல்ல பேரு எழுத ஒரே ஒரு இடம் இல்ல. ஃபைலோட தலைல ஒரு டேக் இருக்கும், ID3v2ன்னு பேரு, இதுல எவ்ளோ வேணா எழுதலாம், படமும் வைக்கலாம். ஃபைலோட வால்ல, கடைசி 128 பைட்ல, ID3v1ன்னு பழைய டேக் ஒண்ணு இருக்கலாம். அது 1996ல வந்தது, TAGன்னு மூணு எழுத்துல ஆரம்பிச்சி டைட்டிலுக்கு 30 பைட், ஆர்ட்டிஸ்ட்டுக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருஷத்துக்கு 4, கமெண்ட்டுக்கு 30, கடைசி ஒரு பைட்ல பாட்டு வகையோட நம்பர், முடிஞ்சிது. இந்த ரெண்டும் தனித்தனி. டவுன்லோட் சைட்டுக்காரங்க தலைல இருக்குறத மட்டும் தன் பேருக்கு மாத்திட்டு வால அப்படியே விட்டுடறது உண்டு. நாம பாக்குற ப்ளேயரோ தலைல ஏதாவது இருந்தா பெரும்பாலும் வால திரும்பியே பாக்காது. ffprobeன்னு ஆடியோ, வீடியோ ஃபைலோட விவரம் காட்டுற டூல் கூட அப்படித்தான், தலைல டேக் எதுவுமே இல்லன்னாதான் வால படிக்கும். அதனால "ஒரு டூல்ல பாத்தேன், ஒண்ணும் இல்ல"ன்னு முடிவு கட்டுறதுதான் என்னப் பொறுத்தவரைக்கும் இதுல பெரிய தப்பு.

ரெண்டையும் சேத்து காட்டுறது exiftoolங்கற கமாண்ட் லைன் டூல். இது படிக்க மட்டும் செய்யும், இந்த மாதிரி குடுத்தா ஃபைல்ல எதையும் மாத்தாது:

```
exiftool -a -G1 AUD-20230611-WA0004.mp3
```

-a போட்டா ஒரே பேர்ல ரெண்டு டேக் இருந்தா ரெண்டையும் காட்டும், -G1 போட்டா எது எந்த இடத்துலேர்ந்து வருதுன்னு முன்னாடியே எழுதிடும். எங்களுக்கு [ID3v2_3] வரிசைல அதே Track 07, அதே சைட் பேரு. கீழ [ID3v1] வரிசைல டைட்டில் இப்படி வந்துச்சி:

```
à®®à®²à¯à®²à®¾à®°à®¿ à®¨à®¾à®
```

மச்சான் பாத்துட்டு "ஃபைல் கரப்ட்டுடா, வைரஸா இருக்கப்போவுது, டெலீட் பண்ணு"ன்னான். பண்ணியிருந்தா கதை முடிஞ்சிருக்கும். இந்த à® à¯ திரும்பத் திரும்ப வந்தா அது குப்பை இல்ல, அது தமிழ். யூனிகோட் தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் UTF-8ங்கற முறைல மூணு பைட் எடுக்கும், முதல் ரெண்டு பைட் எப்பவும் E0 AE இல்லன்னா E0 AF. அத ஆங்கில எழுத்து வரிசைனு நெனச்சி படிச்சா à®, à¯ன்னு தெரியும். பழைய டேக்ல இது எந்த எழுத்து முறைன்னு சொல்ல எடமே கிடையாது, அதனால டூலும் ஆங்கிலம்னு நெனச்சிக்குது. நாமதான் சொல்லணும்:

```
exiftool -charset id3=utf8 -a -G1 AUD-20230611-WA0004.mp3
```

இப்ப வந்துச்சி "மல்லாரி நா", பக்கத்துல ஒரு உடைஞ்ச எழுத்து. சாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரத்துல வாசிக்கிறதுதான் மல்லாரி, மாமாவுக்கு கேட்டதுமே தெரிஞ்சிருக்கணும், ஆனா அவரு பாட்டு கேக்குறதவிட ஸ்பீக்கர் இரையுதான்னுதான் கேப்பாரு. சரி, நா-க்கு அப்புறம் ஏன் நின்னுபோச்சி? மல்லாரிங்கறது புள்ளி, துணைக்கால்லாம் தனித்தனியா எண்ணா 7 குறி, 21 பைட். ஒரு ஸ்பேஸ் 1. நா-க்கு 6. மொத்தம் 28. அடுத்த எழுத்துக்கு 3 பைட் வேணும், மிச்சம் 2தான் இருக்கு, அதுல பாதி எழுத்த எழுதிட்டு வெட்டிடுச்சி. அப்ப முழு டைட்டில் மல்லாரி நாதஸ்வரம்னு இருந்திருக்கணும். "மல்லாரி நா"ங்கறதையே பேருன்னு நெனச்சி தேடினா ஒண்ணும் கிடைக்காது. இங்கிலீஷ் டைட்டிலா இருந்தாலும் சரியா 30 எழுத்துல நிக்குதுன்னா அது முடிஞ்ச பேரு இல்ல, வெட்டுப்பட்ட பேருன்னு வச்சிக்கங்க. இதே à® à¯ மாதிரி இல்லாம வேற விதமா ÷, õ, ¬னு குதறி இருந்தா அது யூனிகோடுக்கு முன்னாடி இருந்த தமிழ் ஃபான்ட் எழுத்தா இருக்கலாம், அதுக்கு இந்த வழி உதவாது, தமிழ் ஃபான்ட் கன்வர்ட்டர்ல போட்டு ஒவ்வொரு முறையா மாத்திப் பாக்கணும்.

இன்னொரு தப்பு பத்தி சொல்லியே ஆகணும். நான் exiftool போடுறதுக்கு முன்னாடியே மச்சான், பாண்டில இருக்குற அவன் ஃப்ரெண்டுக்கு அனுப்பி, அவன் "ஃபைல் சரியா ஓபன் ஆகல, கன்வர்ட் பண்ணி தரேன்"ன்னு ஏதோ ஆன்லைன் கன்வர்ட்டர்ல போட்டு திருப்பி அனுப்பிட்டான். அந்த காப்பியையும் பாத்தேன். தலைல Track 07 அப்படியே இருக்கு, கூட encoder-ல Lavf58னு ஒரு வரி புதுசா சேந்திருக்கு, வால்ல ஒண்ணுமே இல்ல. Lavf-னா எஃப்எஃப்எம்பெக்ங்கற கன்வர்ட் பண்ற டூல் வழியா போயிட்டு வந்த ஃபைல், 58னா 2018லேர்ந்து வந்த வெர்ஷன். அது எம்பி3 எழுதும்போது நாம தனியா கேட்டாலொழிய பழைய வால் டேக எழுதாது, உள்ள வந்த ஃபைல்ல இருந்தாலும் விட்டுடும். அந்த Lavf வரி இருந்தாலே தெரிஞ்சிக்கங்க, உங்க கைல இருக்குறது பெரும்பாலும் மூல ஃபைல் இல்ல, நடுவுல யாரோ மாத்தியிருப்பாங்க, முடிஞ்சா யார்கிட்டேர்ந்து வந்துச்சோ அவங்ககிட்டயே பழைய ஃபைல கேளுங்க. நல்லவேளை பென் டிரைவ்ல எங்க மூல ஃபைல் இருந்துச்சி. ஃபைல் கிடைச்ச உடனே ஒரு காப்பி ஓரமா எடுத்து வச்சிட்டு அப்புறம் கை வைங்க, சும்மா ஸ்டார் ரேட்டிங் குடுத்தாகூட விண்டோஸ் ஃபைலுக்குள்ள எழுதிடும்.

இது .ogg, .opus ஃபைலா இருந்தா ஒரு சின்ன விஷயம், ffprobe-ல -show_format மட்டும் போட்டு டேக் இல்லன்னு சொல்லாதீங்க, அதுல டேக் ஸ்ட்ரீமுக்குள்ள உக்காந்திருக்கும், -show_streams சேத்து போடுங்க.

மறுபடி எங்க ஃபைலுக்கு வரேன். வால்ல மிச்சம் இருந்தது: ஆர்ட்டிஸ்ட்ல ஒரு பேரு, வருஷம் 2009, கமெண்ட்ல PADALEESWARAR THER VAIKASI, வகைல Blues. Blues பாத்து சிரிச்சிட்டோம், நாதஸ்வரத்துக்கு ப்ளூஸா! அது யாரும் போட்டது இல்ல, அந்த கடைசி பைட் சும்மா சைபரா இருந்தா பட்டியல்ல சைபர் நம்பர் Blues, அதனால அப்படி வருது. இத வச்சி எதையும் முடிவு பண்ணக் கூடாது. கமெண்ட்தான் தங்கம். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் தேர், அப்ப இது கேசட் கம்பெனி ரெக்கார்டிங் இல்ல, தேர் அன்னிக்கி இங்கயே எடுத்தது. பாட்ட கேட்டு பேரு சொல்ற ஆப்ல போட்டா ஏன் ஒண்ணும் வரலன்னும் அப்ப புரிஞ்சிது, அதுங்க தங்ககிட்ட பதிவான ரெக்கார்டிங்கோடதான் ஒப்பிடும், கோயில் வாசல்ல எடுத்தது அங்க எப்படி இருக்கும்?

ஆனா ஆர்ட்டிஸ்ட் பேர வச்சி நான் ஒரு நாள் வீணாக்கினேன். அந்த பேர்ல நாதஸ்வர வித்வான் யாருன்னு நாலு பேர்கிட்ட விசாரிச்சேன், யாருக்கும் தெரியல. கடைசில மாமாதான் "டேய், அது மஞ்சக்குப்பத்துல இருந்த மைக் செட்காரர் பேருடா, அவரு மிக்சர்லேர்ந்து ரெக்கார்ட் பண்ணி எல்லாருக்கும் குடுப்பாரு"ன்னாரு. ஆர்ட்டிஸ்ட்ங்கற கட்டத்துல பாடினவர், வாசிச்சவர்தான் இருக்கணும்னு யாரும் காவல் காக்கல, ஏத்தினவர் தன் பேர போட்டுக்கலாம், ஸ்டுடியோ பேரு இருக்கலாம். சினிமா பாட்டுல இது இன்னும் மோசம், நம்ம ஊர்ல ஆர்ட்டிஸ்ட்ல இசையமைப்பாளர் பேரயே போட்டுடுவாங்க. Details-ல Contributing artists-உம் Composers-உம் ஒரே பேரா இருந்து, பாடுறது பொம்பள குரலா இருக்க பேரு ஆம்பள பேரா இருந்தா பாடகர் பேரு அங்க இல்லவே இல்லன்னு புரிஞ்சிக்கணும். ஆல்பத்துல படத்தோட பேரு இருந்தா அதப் புடிச்சி பாடகர தேடுறது சுலபம்.

2009-ஐயும் அப்படியே நம்பல, அது கம்ப்யூட்டர்ல ஏத்தின வருஷமாகவும் இருக்கலாமே. மாமா அந்த மைக் செட்காரர் பையனுக்கு ஃபோன் போட்டு ஃபைல ஓட விட்டாரு, பையன் அவங்க அப்பாவோட பழைய நோட்ட பாத்து அந்த வருஷம் தேருக்கு வந்த கோஷ்டி எந்த ஊருன்னு சொன்னான், அந்த ஊருக்கு பேசி அவங்க வாயாலயே "எங்க அப்பா வாசிச்சதுதான்"னு கேட்டோம். அவங்ககிட்ட கேக்காம பேர இங்க போடல. ஃபைலோட புது காப்பில மட்டும் தலைல மல்லாரி, ஆர்ட்டிஸ்ட்ல அந்த வித்வான் பேரு, கமெண்ட்ல கோயில், ரெக்கார்ட் பண்ண மைக் செட்காரர் பேருன்னு தமிழ்லயே எழுதி வச்சோம். பென் டிரைவ்ல இருக்குறத தொடல. கல்யாணத்துக்கு அந்த வித்வானோட பையன் கோஷ்டிதான் வருது, அட்வான்ஸ் குடுத்தாச்சு.