நம் போட்டோ நமக்கு மட்டும் ஏன் பிடிப்பதில்லை? அதைப் பார்த்ததும் செய்யும் தவறுகள்

குரூப் போட்டோ வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது தங்கள் முகத்தைத்தான். கண்டுபிடித்ததும் பலர் வாயில் வருவது ஒரே வசனம்: “ஐயோ, நான் மட்டும் ஏன் இப்படி இருக்கேன்? டெலிட் பண்ணு.” பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. “நல்லாத்தானே இருக்கு?” என்பார்.

இதை வெறும் ஆறுதல் பேச்சு என்று தள்ளிவிடுவதுதான் முதல் தவறு. பெரும்பாலும் அவர் மனதில் பட்டதைத்தான் சொல்கிறார். பார்ப்பது ஒரே படம் என்றாலும், அதை ஒப்பிட்டுப் பார்க்க அவர் மனதில் இருக்கும் உங்கள் முகம் வேறு, உங்கள் மனதில் இருக்கும் முகம் வேறு.

நம் முகத்தை நாம் நேராகப் பார்க்கவே முடியாது. பல் துலக்கும்போது, தலை வாரும்போது, லிஃப்டில் ஏறும்போது என்று நாம் பார்த்துப் பழகியதெல்லாம் கண்ணாடிக்குள் இருக்கும் முகம். அது இடவலம் மாறியது. மற்றவர்கள் பார்த்துப் பழகியதோ மாறாத முகம். கேமராவும் அதைத்தான் பதிவு செய்கிறது.

சரி, மாறினால் என்ன, முகம் இரண்டு பக்கமும் ஒன்றுதானே என்று கேட்கலாம். அப்படி இல்லை. ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவர் தன் இடது பக்கத்தில் வகிடு எடுக்கிறார். வலது கன்னத்தில் ஒரு மச்சம். மூக்கு நுனி வலது பக்கமாக 2 மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது. சிரித்தால் இடது உதட்டோரம் கொஞ்சம் கூடுதலாக ஏறும். இதில் எதுவுமே குறை இல்லை. நம்மில் பலருக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும்.

கண்ணாடி முன் நிற்கும்போது வகிடு அவர் பார்வைக்கு இடப்புறம், மச்சம் வலப்புறம், மூக்கின் சாய்வும் வலப்புறம். பல வருடங்களாக இப்படித்தான் பார்க்கிறார், அதனால் சாய்வு அவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. இப்போது போட்டோவைப் பார்க்கிறார். வகிடு வலப்புறம் போய்விட்டது. மச்சம் இடப்புறம் வந்துவிட்டது. மூக்கு நுனி இடப்புறமாக 2 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. அவர் எதிர்பார்த்த இடத்துக்கும் இப்போது தெரியும் இடத்துக்கும் வித்தியாசம் 2 அல்ல, 4 மில்லிமீட்டர். உள்ள கோணல் போட்டோவில் இரட்டிப்பாகத் தோன்றுவது இதனால்தான். இதே கணக்கு வகிட்டுக்கும் உதட்டோரத்துக்கும் பொருந்தும். எல்லாம் ஒரே நேரத்தில் இடம் மாறுவதால், எது மாறியது என்று சொல்லத் தெரியாமல், “என்னவோ சரியில்லை” என்ற எண்ணம் மட்டும் வருகிறது.

அவருடைய தோழிக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அவர் பார்த்துப் பழகிய முகம் இதுதான்.

1977-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக மில்வாக்கி வளாகத்தைச் சேர்ந்த மீட்டா, டெர்மர், நைட் ஆகிய மூவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாணவிகளைப் படம் எடுத்து, ஒவ்வொரு படத்தையும் இரண்டு விதமாகப் பிரிண்ட் போட்டார்கள். ஒன்று உள்ளபடி, இன்னொன்று இடவலம் மாற்றி. எது பிடித்திருக்கிறது என்று அந்த மாணவியிடமும் அவருக்கு நெருக்கமான ஒருவரிடமும் கேட்டார்கள். மாணவிகளில் கூடுதலானவர்கள் கண்ணாடியில் தெரிவது போன்ற படத்தையும், நெருக்கமானவர்களில் கூடுதலானவர்கள் உள்ளபடியான படத்தையும் விரும்பினார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொல்லிவிடவில்லை. ஆனாலும் விருப்பம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது தெளிவாக இருந்தது.

இதற்கு அடிப்படை, 1968-ல் ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு. அர்த்தமில்லாத சொற்கள், புரியாத எழுத்துகள், முன்பின் தெரியாதவர்களின் முகங்கள் என எதுவானாலும், திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டாலே அதன் மேல் பிடிப்பு கூடுகிறது என்று அவர் காட்டினார். காரணம் எதுவும் தேவையில்லை, பழகினால் போதும்.

ஆய்வுக்கூடம் இல்லாமலே இதை நீங்கள் பார்த்துவிடலாம். நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இருவரும் ஒரே கண்ணாடியைப் பாருங்கள். உங்கள் முகம் வழக்கம்போல இருக்கும். அவர் முகம்தான் ஏதோ கோணலாக, அவருடைய அண்ணனோ தம்பியோ மாதிரி தெரியும். அவருக்கு உங்களைப் பார்த்தால் அதே எண்ணம் வரும். ஆளுக்கு ஆள் வேறுபடும் என்றாலும், வகிடு ஒரு பக்கமாக எடுப்பவரை நிறுத்திப் பார்த்தால் சட்டென்று புரியும்.

“அப்படியானால் என் நிஜ முகமே இந்தக் கோணல்தானா?”

விஷயம் தெரிந்ததும் பலர் அடுத்துச் செய்யும் தவறு இது. இடவலம் மாற்றுகிற ஃபில்டரைப் போட்டுப் பார்த்துவிட்டு, “ஊர் முழுக்க என்னை இப்படியா பார்க்கிறது!” என்று அதிர்ந்துபோகிறார்கள். முகம் இப்படி இருப்பதை ஊர் பார்ப்பது உண்மை. ஆனால் அந்த அதிர்ச்சி ஊருக்கு இல்லை. உங்கள் கண்ணுக்குத் தெரியும் கோணலில் பாதி, கண்ணாடி முகத்தோடு ஒப்பிடுவதால் வருவது. அந்தக் கண்ணாடி முகம் மற்றவர்கள் மனதில் இல்லவே இல்லை. மேலே சொன்ன பெண்ணின் 4 மில்லிமீட்டர் அவருக்கு மட்டுமே தெரிகிற 4 மில்லிமீட்டர்.

எல்லா செல்ஃபியையும் திருப்பிவிடுவது

பல போன்களில் செல்ஃபி எடுக்கும்போது திரையில் தெரிவது கண்ணாடி முகம். சேமிக்கப்படுவதோ மாறாத முகம். பட்டனை அழுத்திய அடுத்த நொடியே முகம் “மாறிப்போவது” இதனால்தான். இதைத் தடுக்க ஐபோனில் Settings > Camera பகுதியில் Mirror Front Camera என்ற வசதியும், சாம்சங் போன்களின் கேமரா அமைப்பில் Save selfies as previewed என்ற வசதியும் உண்டு.

போட்டு வைத்துக்கொண்டால் உங்களுக்குப் படம் பிடிக்கும். ஆனால் அந்தப் படத்தை அனுப்பினால், உங்களைப் பழகியவர்களுக்கு இப்போது அதுதான் அந்நியமாகத் தெரியும். நீங்கள் மட்டும் பார்க்கும் படமா, தாராளமாகத் திருப்பிக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கான படம் என்றால் உள்ளபடியே விடுங்கள். அடையாள ஆவணத்துக்கான படத்தைத் திருப்பவே கூடாது. வலது கன்னத்து மச்சம் படத்தில் இடது கன்னத்தில் இருந்தால், நேரில் ஒப்பிட்டுப் பார்ப்பவர் குழம்பத்தான் செய்வார். வீடியோ அழைப்பில் இந்தக் கவலை வேண்டாம். பொதுவாக உங்கள் திரையில் மட்டும் படம் திரும்பியிருக்கும், எதிரில் இருப்பவருக்கு நேராகத்தான் போகும்.

எல்லாவற்றுக்கும் கண்ணாடி மேல் பழி போடுவது

படம் பிடிக்காததற்குக் கேமரா இருந்த தூரமும் காரணமாக இருக்கலாம். எது காரணம் என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பிடிக்காத படத்தை எடிட்டரில் இடவலம் திருப்பிப் பாருங்கள். சட்டை எழுத்தும் கைக்கடிகாரமும் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால், முகம் மட்டும் தெரியும்படி வெட்டிக்கொள்வது நல்லது. திருப்பியதும் “ஆங், இது நான்” என்று தோன்றினால் காரணம் பழக்கம்தான். திருப்பினாலும் அதே அளவு பிடிக்கவில்லை என்றால், மூக்கையும் காதையும் கவனியுங்கள். மூக்கு உப்பி, காதுகள் பின்னால் ஒதுங்கியிருந்தால் கேமரா மிக அருகில் இருந்திருக்கிறது.

கணக்கு எளிது. மூக்கு நுனியிலிருந்து காது 12 செ.மீ. பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேமரா மூக்கிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் இருந்தால் காதுக்கு 42 செ.மீ. தூரம். அதனால் காதோடு ஒப்பிட மூக்கு 1.4 மடங்கு பெரிதாகப் பதிவாகும். அதே கேமரா 150 செ.மீ. தள்ளி இருந்தால் 1.08 மடங்குதான். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 30 சதவீத வித்தியாசம். 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வும், இதே இரண்டு தூரங்களை ஒப்பிட்டு, மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடித் தெரியும் என்றே கணக்கிட்டது. கண்ணாடியில் இந்தச் சிக்கல் குறைவு. நீங்கள் 40 செ.மீ. தள்ளி நின்றால் பிம்பம் அதற்கும் 40 செ.மீ. உள்ளே இருக்கிறது. ஆக, உங்கள் முகத்தை 80 செ.மீ. தூரத்திலிருந்து பார்க்கிறீர்கள். கையை நீட்டி எடுக்கும் செல்ஃபி அந்தத் தூரத்தை எட்டுவது அரிது. போனை எங்காவது நிறுத்தி வைத்து, டைமர் போட்டு, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொண்டால் இந்தக் குறை போய்விடும்.

நமக்கான படத்தை நாமே தேர்ந்தெடுப்பது

நான் கண்டவரை அதிகம் பேர் விடாமல் செய்யும் தவறு இதுதான். நம் மனதில் இருக்கும் நம் முகம் இடவலம் மாறியது மட்டுமல்ல, கொஞ்சம் மெருகும் ஏறியது. 2008-ல் உளவியலாளர்களான நிக்கோலஸ் எப்ளியும் எரின் விட்சர்ச்சும் ஒருவருடைய படத்தை அழகான முகத்தோடு படிப்படியாகக் கலந்து பல படங்கள் தயாரித்தார்கள், அழகு குறைந்த முகத்தோடு கலந்தும் தயாரித்தார்கள். உங்கள் அசல் படம் எது என்று கேட்டபோது, பலர் காட்டியது மெருகேற்றிய படத்தை. நண்பர்களின் படத்திலும் இது நடந்தது, அறிமுகமில்லாதவர் படத்தில் நடக்கவில்லை.

2017-ல் உளவியலாளர் டேவிட் வைட்டும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தங்களுடைய படங்களைத் தலைக்கு 12 கொடுத்தார்கள். புரொஃபைல் படமாக எது சிறந்தது என்று அவர்களே ஒருமுறை தேர்ந்தெடுத்தார்கள், அறிமுகமில்லாதவர்களும் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு வேறு சிலரிடம் அந்தப் படங்களைக் காட்டி மதிப்பிடச் சொன்னால், அறிமுகமில்லாதவர்கள் தேர்ந்தெடுத்தவைதான் கூடுதல் நல்லெண்ணத்தைப் பெற்றன.

அதனால் புரொஃபைல் படம் மாற்றும்போது திருப்பாத ஐந்தாறு படங்களை எடுத்து, உங்களை அதிகம் பழகாத ஒருவரிடம் கொடுங்கள். எதற்கான படம் என்பதையும் சொல்லிவிடுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்க என்றால், “எதில் நான் அழகா இருக்கேன்?” என்று கேட்காமல் “யாரை நம்பி வேலை கொடுப்பீங்க?” என்று கேளுங்கள். அவர் கை காட்டுவது நீங்கள் முதலிலேயே ஒதுக்கி வைத்த படமாக இருந்தால், அதையே போட்டுவிடுங்கள்.