நேரடியாக மட்டும் விற்றாலும், கடைக்காரர் கமிஷனையும் சேர்த்தே எம்ஆர்பி அச்சடியுங்கள்

ராகி மால்ட் பாக்கெட்டைத் தருமபுரியில் நீங்களே வீடு வீடாகக் கொடுத்தாலும், கடைக்குப் போகும் நாளை மனதில் வைத்தே எம்ஆர்பி அச்சடியுங்கள். எம்ஆர்பியைவிடக் குறைத்து விற்கலாம். கூட்டி விற்கச் சட்டத்தில் இடமில்லை.

அரை கிலோவுக்கு ராகி, அரைவை, கவர், லேபிள் எல்லாம் சேர்த்து 62 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். எம்ஆர்பி 90 என்றால் நேரடி விற்பனையில் 28 ரூபாய் நிற்கும். அதையே கடைக்காரருக்கு 20 சதவீதம், விநியோகஸ்தருக்கு 8 சதவீதம் விட்டுக் கொடுத்தால் கைக்கு வருவது 64.80 தான். தேதி முடிந்து நாலு பாக்கெட் திரும்பி வந்தால் அந்த லாபமும் போச்சு. 110 என்று அச்சடித்திருந்தால் 79.20 கிடைக்கும். ஜிஎஸ்டி கட்டுபவர்கள் அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நேரடி வாடிக்கையாளருக்கு ஒரு பாக்கெட்டை 90-க்குத் தராதீர்கள். பக்கத்துக் கடைக்காரர் அடுத்த ஆர்டரே போட மாட்டார். மூன்றாகச் சேர்த்து 300-க்குக் கொடுங்கள்.

பத்துப் பதினைந்து நாளில் கெடும் லட்டு மாதிரிப் பண்டங்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். அவை கடை அலமாரிக்கு ஒத்துவராது, நேரடி விலையே போதும்.