சி.என்.சி. லேத் வாங்கும் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூர்ப் பக்கம் ஜாப் ஒர்க் செய்யும் ஒரு சிறிய பட்டறை புதிய சி.என்.சி. லேத் ஒன்றை வாங்க எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். மெஷினின் விலை 20 லட்சம் ரூபாய். செலவு போக ஆண்டுக்கு 7 லட்சம் கையில் நிற்கும் என்பது மதிப்பீடு. 20-ஐ 7-ஆல் வகுத்தால் 2.9 வருகிறது. ஆகவே மூன்று வருடத்தில் போட்ட முதல் திரும்பிவிடும் என்று முடிவு கட்டி, முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். இந்த ஒற்றை வகுத்தலுக்குள் பல தவறுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைச் சரிசெய்தால் விடை எங்கே போய் நிற்கிறது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

முதல் தவறு, மெஷினின் விலையையே முதலீடு என்று நினைப்பது. ஃபவுண்டேஷன், மின் இணைப்பு, ஸ்டெபிலைசர், சக், டூல் ஹோல்டர்கள், ஏற்று இறக்குக் கூலி எல்லாம் சேர்ந்து 2 லட்சம் ஆகிறது. அது போக, வாடிக்கையாளர் 45 நாள், 60 நாள் கழித்தே பணம் தருவார். ஆனால் ஆபரேட்டருக்குச் சம்பளம் மாதம் தவறாமல் போக வேண்டும். இந்த இடைவெளியை நிரப்ப நடைமுறை மூலதனமாக இன்னும் 2 லட்சம் முடங்குகிறது. ஆகவே முதலீடு 24 லட்சம். 18 சதவீத ஜி.எஸ்.டி. 3.6 லட்சத்தை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ள முடிந்தால் அதை விலையோடு சேர்க்க வேண்டாம்; ஆனால் அது முழுவதும் கழிந்து தீரப் பல மாதங்கள் ஆகலாம் என்பதால், அதுவரைக்கும் அந்தப் பணத்துக்கு ஏற்பாடு வேண்டும். வரவு எடுத்த வரித் தொகையின் மீது தேய்மானமும் கோர முடியாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்து அந்த 7 லட்சம். ஆண்டுக்கு 3,200 மணி நேரம் ஓடும், மணிக்கு 450 ரூபாய் என்றால் 14.4 லட்சம் பில் ஆகும். அதில் இரண்டு ஆபரேட்டர்களின் சம்பளம் 4.2 லட்சம், மின்சாரம், இன்சர்ட், கூலண்ட் மணிக்கு 80 ரூபாய் வீதம் 2.56 லட்சம், பராமரிப்பு 0.64 லட்சம். மீதி 7 லட்சம். கணக்கு சரிதான். ஆனால் இந்த 3,200 மணி நேரமும் புதிதாக வரும் வேலைதானா என்று கேட்க வேண்டும். பழைய லேத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வேலையைப் புதியதற்கு மாற்றிவிட்டு, அதன் பில் தொகையைப் புதிய மெஷினின் வருமானமாக எழுதுவதுதான் பட்டறைகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு என்பது என் எண்ணம். அந்தப் பணம் மெஷின் வாங்காவிட்டாலும் வந்திருக்கும். வாங்கினால் மட்டும் வருவதும், வாங்கினால் மட்டும் போவதுமே இந்தக் கணக்கில் இடம்பெறலாம். அதே காரணத்தால், ஏற்கெனவே கொடுத்துவரும் ஷெட் வாடகையில் ஒரு பங்கை இந்த மெஷின் மீது ஏற்றுவதும் தவறு. வாடகை கூடப்போவதில்லை என்றால் அதற்கு இங்கே இடமில்லை.

வரியையும் தேய்மானத்தையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சிலர் வரியையே மறந்துவிடுகிறார்கள்; சிலர் தேய்மானத்தை ஒரு செலவாகக் கழித்து, மீதி லாபத்தை முதலீட்டோடு ஒப்பிடுகிறார்கள். தேய்மானத்துக்காக யாருக்கும் பணம் கொடுப்பதில்லை. மெஷினுக்கான பணம் முதல் நாளே போய்விட்டது, அதை மறுபடியும் தவணை தவணையாகக் கழித்தால் ஒரே செலவை இருமுறை எண்ணியதாகும். ஆனாலும் தேய்மானம் வரியைக் குறைக்கிறது, அந்தக் குறைவு உண்மையான பணம். ஆகவே வரியைக் கணக்கிடும்போது மட்டும் தேய்மானத்தைக் கழித்து, கிடைக்கும் வரித் தொகையை 7 லட்சத்திலிருந்து கழிக்க வேண்டும். வருமான வரிக்குப் பொதுவாக மெஷின் மீது 15 சதவீதம், குறைந்துவரும் மதிப்பு முறையில் தேய்மானம் கிடைக்கும். விலையும் நிறுவும் செலவும் சேர்ந்த 22 லட்சத்துக்கு முதல் ஆண்டில் 3.3 லட்சம். வரி 30 சதவீதம் என்று எளிமைக்காக வைத்தால், 3.7 லட்சத்துக்கு வரி 1.11 லட்சம், கையில் நிற்பது 5.89 லட்சம். தேய்மானம் ஆண்டுதோறும் சுருங்குவதால் வரி கூடி, கைப்பணம் சற்றே குறைந்துவரும். மெஷினை வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அந்த ஆண்டு பாதித் தேய்மானமே கிடைக்கும் என்பதால், மார்ச்சில் அவசரப்பட்டு வாங்குவோர் கணக்கை அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

ஐந்து ஆண்டுகளுக்கான வரவு லட்ச ரூபாயில் இப்படி அமைகிறது. கடைசி ஆண்டில் மெஷினை 6 லட்சத்துக்கு விற்பதும், முடங்கிய 2 லட்சம் நடைமுறை மூலதனம் விடுபடுவதும் சேர்கின்றன. பின்னால் வரும் பணத்தை ஆண்டுக்கு 12 சதவீதம் என்ற கழிவு வீதத்தில் குறைத்தால் இன்று அதற்கு என்ன மதிப்பு என்பதே கடைசிப் பத்தியில் உள்ள நிகழ்கால மதிப்பு.

| ஆண்டு | வரி போக வரவு | 12 சதவீதத்தில் நிகழ்கால மதிப்பு |
|---|---|---|
| 1 | 5.89 | 5.26 |
| 2 | 5.74 | 4.58 |
| 3 | 5.62 | 4.00 |
| 4 | 5.51 | 3.50 |
| 5 | 5.42 | 3.07 |
| 5 (விற்பனை, மூலதனம்) | 8.00 | 4.54 |

முதல் நான்கு ஆண்டு வரவைக் கூட்டினால் ஏறத்தாழ 22.75 லட்சம். மீதி 1.25 லட்சம் ஐந்தாம் ஆண்டில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவான காலத்தில் வருகிறது. எனவே போட்ட முதல் மீளும் காலம் 4.2 ஆண்டு. 2.9 எங்கே, இது எங்கே.

முதல் மீளும் காலம் தன் அளவில் பயனற்ற கணக்கல்ல. கையில் பணம் குறைவாக உள்ள பட்டறைக்கு எவ்வளவு காலம் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. அதை மட்டும் வைத்து முடிவெடுப்பதே தவறு. இதே பட்டறைக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் லேத் வாய்க்கிறது என்போம்: எல்லாச் செலவும் சேர்த்து 12 லட்சம், வரி போக ஆண்டுக்கு 4.5 லட்சம், மூன்று ஆண்டு ஓடிய பின் 1 லட்சத்துக்குப் போகும். போட்ட முதல் 2.7 ஆண்டில் திரும்பிவிடுகிறது. புதியதைவிட வெகு சீக்கிரம். ஆனால் 12 சதவீதத்தில் கழித்துப் பார்த்தால் அதன் வரவுகளின் நிகழ்கால மதிப்பு 11.52 லட்சம்தான். போட்டது 12 லட்சம், ஆகவே ஏறத்தாழ அரை லட்சம் நட்டம். முதல் திரும்பியதும் மெஷினும் ஓய்ந்துவிடுகிறது என்பதை முதல் மீளும் காலம் பார்ப்பதில்லை. முதலாம் ஆண்டு ரூபாயையும் மூன்றாம் ஆண்டு ரூபாயையும் ஒன்றாகவே அது எண்ணுகிறது.

புதிய மெஷினுக்கு அட்டவணையின் கடைசிப் பத்தியைக் கூட்டினால் 24.95 லட்சம் வருகிறது. 24 லட்சம் போக நிகர நிகழ்கால மதிப்பு 95 ஆயிரம் ரூபாய். வாங்கலாம், ஆனால் மயிரிழையில்தான் தேறுகிறது. விற்பனை மதிப்பையும் மூலதனத்தையும் சேர்க்க மறந்திருந்தால் 3.6 லட்சம் நட்டம் என்று தவறாக வந்திருக்கும். இந்த 6 லட்சம் எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு, ஐந்து வருடம் ஓடிய அதே வகை மெஷின் இப்போது சந்தையில் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று விசாரிப்பதைவிட நல்ல வழி இல்லை.

கழிவு வீதத்தைத் தேர்வதில் இரண்டு தவறுகள் நேர்கின்றன. ஒன்று, வங்கியின் வைப்பு நிதி வட்டியை எடுத்துக்கொள்வது. 7 சதவீதத்தில் இதே மெஷின் 4.9 லட்சம் லாபம் காட்டும். 14 சதவீதத்தில் 40 ஆயிரம் நட்டம் காட்டும். வைப்பு நிதியில் ஆபத்து மிகக் குறைவு, பட்டறைத் தொழிலில் அப்படியில்லை. கடனுக்குக் கொடுக்கும் வட்டியையும், சொந்தப் பணத்துக்கு அதைவிடக் கூடுதலாக எதிர்பார்க்கும் வருமானத்தையும் அவற்றின் பங்குக்கேற்பக் கலந்து எடுப்பதே முறை. மற்றொன்று, கடன் தவணையையோ வட்டியையோ ஆண்டு வரவிலிருந்து கழித்துவிட்டு, மீதியை மறுபடியும் 12 சதவீதத்தில் கழிப்பது. வட்டிச் செலவு அந்த 12-க்குள்ளேயே இருக்கிறது. அதைத் தனியாகக் கழித்தால் இருமுறை கழித்ததாகும். தவணை கட்ட முடியுமா என்பது வேறு கேள்வி. அதைத் தனித் தாளில் மாதக் கணக்காகப் போட்டுப் பார்க்க வேண்டும், அவசியம் பார்க்கவும் வேண்டும்.

எக்செல்லில் இதைப் போடுவோர் சிக்கும் சிறு பொறி ஒன்று உண்டு. நிகர நிகழ்கால மதிப்புக்கான அதன் NPV சார்பு, வரம்பில் உள்ள முதல் தொகையே ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்கிறது. எனவே இன்று போடும் 24 லட்சத்தை எதிர்க்குறியுடன் C2-இல் வைத்து, வெளியே கூட்ட வேண்டும்:

```
=NPV(12%,C3:C7)+C2
```

C7-இல் ஐந்தாம் ஆண்டின் 5.42-உம் 8-உம் சேர்ந்து நிற்கும். C2-ஐ உள்ளே சேர்த்தால் 95 ஆயிரத்துக்குப் பதில் 85 ஆயிரம் வரும்.

அந்த 95 ஆயிரத்தை அப்படியே நம்புவதும் ஒரு தவறுதான். ஆண்டு வரவு வரிக்கு முன் 37,500 ரூபாய் குறைந்தாலே அது மறைந்துவிடும். ஒரு மணி நேரம் ஓடாமல் நின்றால் 450-இல் மின்சாரமும் இன்சர்ட்டும் மிச்சமானது போக 370 ரூபாய் போகிறது. ஆக ஆண்டுக்கு ஏறத்தாழ 100 மணி நேரம் வேலை குறைந்தால் போதும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம்.

ஐந்து ஆண்டுக்கும் ஒரே சம்பளம் எழுதியிருப்பது அதைவிட நுட்பமான பிழை. கடன் வட்டியை ஒட்டி எடுத்த 12 சதவீதத்தில் விலைவாசி உயர்வு அடங்கியிருக்கிறது. வரவு செலவில் அது இல்லையென்றால் இரண்டும் பொருந்தாது. இரண்டாம் ஆண்டிலிருந்து ஆபரேட்டர் சம்பளம் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறி, மணி ரேட் மட்டும் 450-லேயே நின்றால், நிகர நிகழ்கால மதிப்பு பூஜ்ஜியத்துக்கும் சற்றுக் கீழே, 4 ஆயிரம் ரூபாய் நட்டத்தில் போய் நிற்கிறது. ஆகவே ரேட்டை ஆண்டுதோறும் கொஞ்சமாவது ஏற்றித் தர வாடிக்கையாளர் ஒப்புக்கொள்வாரா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே, ஜாப் ஆர்டர் பேசும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.